சங்கல்பத்தில் முகாமின் பெயர் எதற்கு?

போன மாதம் உங்கள் உளவுத்துறைப் பயிற்சி வகுப்பில், ஓய்வு பெற்ற என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள். பெரிய திரையைக் காட்டினீர்கள். எந்த எண் எந்த எண்ணோடு பேசியது, எந்த செல்போன் கோபுரத்தின் கீழ் எந்த போன் தூங்கியது என்று சிலந்தி வலை மாதிரி கோடுகள் ஓடின. நன்றாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே உங்களில் ஒருவர் கேட்டார்: "இவ்ளோ இருக்கும்போது இன்னும் ஆள் வெச்சு தகவல் வாங்கறதெல்லாம் தேவையா சார்?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன்.

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையில்தான் பணி. எதிரி நாட்டு உளவுக்கும் இந்தக் கோவில் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று தலைமை அலுவலகத்திலேயே சிரித்தவர்கள் உண்டு. எல்லை இங்கே இல்லைதான், ஆனால் எல்லையில் நிற்கிறவனின் அம்மா இங்கே இருக்கிறாள். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு கம்மி. சண்டை என்றதும் பட்டாளத்தில் முதலில் சிப்பாய்களின் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் எதிரிக்கு யாரிடம் கேட்க வழி இருக்கிறது? எப்போதாவது ஒரு நிமிடம் பிள்ளையோடு பேசக் கிடைக்கிற வீட்டில் இருப்பவர்களிடம்தான்.

அதை ஒரே மூச்சில் கேட்க மாட்டார்கள். "உங்கள் மகனின் படைப்பிரிவு எங்கே?" என்று யாராவது கேட்டால் எந்தத் தாயும் போனை வைத்துவிடுவாள். ஒருவரிடம் ஊர் பெயர், இன்னொருவரிடம் "போன வாரம் வேற எடத்துக்கு மாத்திட்டாங்க" என்ற ஒரு வரி, வேறொருவரிடம் "அங்க ராத்திரியில ரொம்பக் குளுருதாம்" என்ற கவலை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாது. பல வீடுகளிலிருந்து சேர்த்துவைத்தால், எந்தப் பிரிவு எங்கிருந்து எங்கே நகர்கிறது என்ற படம் வந்துவிடும். கொடுத்தவர்களில் ஒருத்தருக்கும் தான் எதையோ கொடுத்தோம் என்பதே தெரியாது.

அடி அண்ணாமலை தாண்டிக் கிரிவலப் பாதையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோவில். அதன் குருக்கள் பல வருடங்களாக எனக்குத் தகவல் தந்தவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லாமல் இருப்பதால் இப்போது அவருக்கு ஒரு நன்மையும் இல்லை என்பது வேறு விஷயம்.

அவரைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வம்பு என்றால் உயிர். எந்த லாட்ஜில் யார் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள், எந்தக் காவிக்காரர் உண்மையில் எந்த ஊரிலிருந்து ஓடிவந்தவர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் காசுக்காகச் சொல்லவில்லை, தேசபக்தியும் அதில் பெரிதாக இல்லை. தான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் ஒரு மனிதன் கேட்கிறான் என்பதே அவருக்குப் போதும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த அதிகாரி முதல் வாரத்திலேயே சொன்னது இது: தகவல் கொடுப்பவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதற்கு முன் ஏன் சொல்கிறார் என்று பார். பகைக்குச் சொல்லலாம், பயத்துக்குச் சொல்லலாம், பெருமைக்குச் சொல்லலாம். காரணம் மட்டமாக இருந்தால் தகவல் பொய் என்று ஆகிவிடாது, ஆனால் எந்தப் பக்கம் கூட்டிச் சொல்வார் என்று தெரிந்துவிடும்.

நாங்கள் போனில் பேசுவதில்லை. போன் பேச்சை அழிக்கலாம், பேசினோம் என்ற பதிவை அழிக்க முடியாது. காலையில் நான் அந்தப் பக்கம் நடக்கும்போது, நன்றாக விடிந்த பிறகும் கோவில் முன்விளக்கு அணையாமல் இருந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் கண்ணுக்கு அது குருக்களின் மறதி.

சண்டை தொடங்கிச் சில நாட்களில் விளக்கு எரிந்தது. வழக்கம்போல் வேறு இடத்தில், ஜனங்களோடு ஜனங்களாக மலை சுற்றும் சாக்கில் பக்கத்தில் நடந்தோம். மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாங்க சார். பட்டாளத்துப் பசங்களுக்கு வேண்டிக்கினு ஜனங்க ஜாஸ்தியா வர நேரம். இப்ப ஒருத்தரும் வர்றதில்ல. எல்லாம் போன்லயே பூஜை."

"யார் பண்றாங்க?"

"யாருக்குத் தெரியும். காசியம்மா காட்டிச்சு. வீரர் குடும்பத்துக்குச் சிறப்பு சங்கல்பமாம், வாட்ஸப்ல குரூப். ஒரு பொம்பள இனிக்க இனிக்க பேசுது. பேரு, நட்சத்திரம், கோத்திரம் கேக்குது. சரி. அப்புறம் கேக்குது பாருங்க, பையன் இப்ப எந்த ஊர்ல, எந்த முகாம்ல இருக்கான், அதைச் சொன்னாத்தான் சங்கல்பம் அவனைப் போய்ச் சேரும்னு."

காசியம்மாள் அடி அண்ணாமலையில் வேர்க்கடலை போடும் வீட்டுக்காரி. ஒரே மகன், காலாட்படையில். நான் இன்னும் புரியாமல் நடந்தேன்.

"சார், சங்கல்பத்துல ஊரு வரும். ஆனா அது பூஜை நடக்கற ஊரு. நான் எங்க உக்காந்து பண்றேனோ அந்த எடம். யாருக்குப் பண்றோமோ அவன் அமெரிக்காவுல இருந்தாலும் பேரும் நட்சத்திரமும் போதும். முகாம் பேரு எதுக்குச் சாமிக்கு? அவருக்குத் தெரியாதா? இவன் பூஜை தெரிஞ்சவனே இல்ல சார். டுபாக்கூர்."

அவர் சொல்ல வந்தது, எவனோ போலிப் புரோகிதன் தன் வாடிக்கையைக் கெடுக்கிறான் என்பது. எனக்கு வேறொன்று கேட்டது. அந்தக் குழுவை அமைத்தவனுக்கு நம் ஜனங்களின் நம்பிக்கை தெரிந்திருக்கிறது, பயம் தெரிந்திருக்கிறது. சடங்கை மட்டும் மேலோட்டமாகப் படித்திருக்கிறான். ஊர் பெயர் வரும் என்று தெரியும், யாருடைய ஊர் என்று தெரியாது. அந்த ஒரு இடத்தில்தான் கால் தடுக்கியிருக்கிறான்.

நான் அன்றே அறிக்கை அனுப்பினேன். பதில் உடனே வந்தது. அந்த எண் இந்திய எண். கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண்ணின் பெயரில் வாங்கியது, முகவரி உண்மையானது, முறைப்படி ரேகை வைத்து வாங்கியது. குழுவில் பேசுவதைப் படிக்க முடியாது, பூட்டிய பேச்சு. யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும், அதில் இருப்பவர்கள் எல்லாம் அம்மாக்கள், அக்காக்கள். பக்திக் குழு, அவசரமில்லை. கடைசியில் ஒரு வரி: தகவல் தந்தவருக்கு அதே தொழிலில் போட்டி இருப்பதால் கவனத்துடன் அணுகவும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. போட்டி இருப்பதால்தானே அந்த மனிதர் அந்தச் செய்தியை முழுதாகக் கேட்டார்! மகனுக்காக உருகிக்கொண்டிருந்த அம்மாக்களில் ஒருத்திக்கும் அந்தக் கேள்வி உறுத்தவில்லை. பொறாமை பிடித்தவன் காதில்தான் விழுந்தது. பொறாமையை ஒரு காரணம் காட்டித் தகவலை ஓரம் கட்டுவதென்றால் நம் கோப்புகளில் பாதியைக் கொளுத்த வேண்டும்.

ஆனாலும் ஒரே வாயிலிருந்து வந்ததை வைத்து நடவடிக்கை எடுக்கக் கூடாது. அதுவும் சரியான விதிதான். குருக்களுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு வாய் வேண்டும். கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்தில் போனேன். எண் யார் பெயரில் இருந்ததோ அந்தப் பெண், வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். பட்டன் வைத்த பழைய போன். வாட்ஸப் அதில் வரவே வராது. சிம் வாங்கித்தரும் ஆள் மாதிரி பேச்சுக் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குங்க ரெண்டு நம்பரு? ஒண்ணே போதும். அதை வாங்கறதுக்கே அந்தக் கடைக்காரப் பையன் ரேகை விழல, திரும்ப வையி, திரும்ப வையின்னு என் நேரத்த வாங்கிட்டான். பால் கறந்து கறந்து ரேகை தேஞ்சி போச்சுன்னு நெனச்சிக்கினேன்."

ரேகை முதல் தடவையே விழுந்திருக்கிறது. இரண்டாவது ரேகைக்கு இரண்டாவது சிம். அந்த சிம் கடையை விட்டு வெளியே போகவே இல்லை. கடைக்காரன் அதைத் தன் போனில் போட்டு, வந்த ஓடிபி ரகசிய எண்ணை மட்டும் யாருக்கோ வாசித்துச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் வேலை. அந்த எண்ணை வைத்து வாட்ஸப் கணக்கு எங்கோ ஒரு நாட்டில் திறந்துகொண்டது. நம் திரையில் அது கீழ்பென்னாத்தூர்ப் பால்காரம்மா. பிடிபட்ட பிறகு அவன் சொன்னது, ஏதோ பக்தி ஆப் கம்பெனிக்கு வேலை பார்ப்பதாக நினைத்தானாம். நான் அதை நம்புகிறேன். தான் யாருக்கு வேலை செய்கிறோம் என்று தெரியாதவனைத்தான் அவர்கள் தேடுவார்கள், விசாரித்தால் சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்காது.

இப்போது கவனமாகப் படியுங்கள், தீர்மானம் வேண்டியிருந்த இடம் இதுதான். கண்டுபிடித்தாயிற்று. பிடித்து உள்ளே போடுவதா, விட்டு வைப்பதா?

பிடித்தால் குழு அந்த நிமிடமே செத்துவிடும். மறுமுனையில் இருப்பவன் உஷாராகி வேறு ஊர், வேறு சாமி, வேறு எண் என்று போய்விடுவான். விட்டு வைத்தால் அம்மாக்கள் இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, அதைத்தான் நான் எழுதினேன். கடைக்காரனைச் சத்தமில்லாமல் நம் கையில் எடுத்துக்கொள்வோம். எந்தெந்த முகாம் பெயர்கள் போயிருக்கும் என்று பட்டாளத்துக்கு உடனே சொல்லி, நகர்த்த வேண்டியதை நகர்த்தச் சொல்வோம். குழுவில் நம் ஆட்கள் சிலரை அம்மாக்களாகச் சேர்த்து, பட்டாளம் சம்மதித்துக் கொடுக்கிற பொய் ஊர்களைச் சொல்வோம். எதிரி அதை நம்பி எதைக் கேட்கிறான் என்று பார்த்தால் அவனுக்கு என்ன தெரியாது என்பது நமக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒரு வாய்ப்பு ஒருவன் பணிக்காலத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது.

கூடவே ஒன்று எழுதினேன்: எது செய்தாலும் தகவல் தந்தவர் யார் என்ற நிழல்கூட வெளியே போகக் கூடாது.

இரண்டு நாள் பதில் இல்லை. நாடு முழுக்கத் துரோகி எங்கே, துரோகி எங்கே என்று டிவியில் கத்திக்கொண்டிருந்த நேரம். மேலே இருந்தவர்களுக்குக் காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் எனக்குச் சொல்லாமலே கடைக்காரனைப் பிடித்தார்கள். முகத்தில் துணியைப் போட்டுக் கேமராக்கள் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு பெரிய அதிகாரி மைக்குகளுக்கு முன் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார்: "கிரிவலப் பாதையில் உள்ள ஒரு கோவில் அர்ச்சகர் உஷாராக அளித்த தகவலின் பேரில்..."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிரிவலப் பாதையில் எத்தனையோ கோவில்கள். அடி அண்ணாமலைக்காரர்களுக்கு, காசியம்மாள் போனைக் காட்டிய குருக்கள் ஒரே ஒருவர்தான்.

நான் எழுதியதில் ஒன்று மட்டும் நடந்தது, பட்டாளம் முகாம்களை மாற்றிக்கொண்டது. குழு ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனது. அந்த இனிக்கப் பேசிய குரல் ஒரு பெண்ணுடையதா, மெஷினுடையதா என்று இன்றுவரை தெரியாது. சொல்லப்பட்ட முகாம்களில் ஒன்றின் மேல் அதற்கு முன்பே ஒரு முறை ட்ரோன் வந்திருந்தது. அது இந்தக் குழுவால் வந்ததா, தானாக வந்ததா என்பதும் தெரியாது. மறுமுனையைப் பிடித்து வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்து அம்மாக்களை விசாரணைக்கு அழைத்தார்கள். ஜீப்பில் ஏற்றி, ஊர் பார்க்க. காசியம்மாளின் மகனைப் பணியிலிருந்து விலக்கி விசாரணையில் வைத்தார்கள், வீட்டுக்கு இடத்தைச் சொன்னது குற்றம் என்று. குற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த அம்மா நேராகக் கோவிலுக்கு வந்தாள். நான் கொஞ்ச தூரத்தில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"என் புள்ளைய மாட்டிவுட்டுட்டு நீ மணி ஆட்டிக்கினு நிக்கிறியா சாமி? உன்ன நம்பித்தானே போன காட்னேன். பெத்தவ வயித்தெரிச்சல் உன்ன சும்மா வுடாது!"

வம்பளக்காமல் ஒரு நாழிகை இருக்க முடியாத மனிதர், கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அன்றிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் அவர் கையால் விபூதி வாங்குவதில்லை. எங்கிருந்தோ மலை சுற்ற வருகிறவர்கள், விஷயம் தெரியாதவர்கள், மட்டும் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் மனைவி கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கதவில் யாரோ கரியால் "போலீஸ் வீடு" என்று எழுதினார்கள்.

விளக்கு ஒருநாள் விடிந்த பிறகும் எரிந்தது. போனேன்.

"சார், நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காசியம்மா பையன் நல்லா இருக்கணும்னுதான் நான் சொன்னேன், அவங்களைக் காட்டிக் குடுக்கல்லன்னு. நீங்க பெரிய ஆபீசரு. நீங்க சொன்னா கேப்பாங்க."

அது முழு உண்மையும் இல்லை. அவர் தன் வாடிக்கைக்காகத்தான் சொன்னார். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை என்பது சத்தியம். என்னால் சொல்ல முடியவில்லை. நான் போய் நின்றால், ஊர் சந்தேகப்படுவதை அரசாங்கமே உறுதி செய்ததாக ஆகிவிடும். இவர் பல வருடமாக நம் ஆள் என்று தெரிந்தால், இவர் சொல்லி என்றைக்கோ மாட்டிய வேறு சிலருக்கும் விஷயம் புரிந்துவிடும், அவர்கள் கரியோடு நிறுத்த மாட்டார்கள். இதெல்லாம் அவருக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

"அப்போ மைக்ல சொன்னவருக்கு இது தெரியாதா சார்?" என்றார்.

மேலே எழுதினேன். பட்டாளத்திலிருந்து யாராவது வந்து அந்தக் குடும்பங்களிடம், எதிரி எப்படி ஏமாற்றினான், தகவல் சரியான நேரத்தில் வந்ததால்தான் உங்கள் பிள்ளைகளின் இடங்களை மாற்ற முடிந்தது என்று பொதுவாகப் பேசினால் போதும், யார் பெயரும் வேண்டாம் என்று எழுதினேன். தகவலாளர்கள் குறித்து எதையும் உறுதிப்படுத்துவதோ மறுப்பதோ துறையின் வழக்கமில்லை என்று பதில் வந்தது. மைக்குக்கு முன்னால் அந்த வழக்கம் எங்கே போயிருந்தது என்று கேட்டு இன்னொன்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. எனக்கு ஓய்வு வந்தது.

காசியம்மாளின் மகன் விசாரணை முடிந்து மறுபடி பணிக்குச் சேர்ந்துவிட்டான், உயிரோடு இருக்கிறான். அதில் குருக்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். அவளுக்கு அது தெரியாது, தெரியவும் போவதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் பயிற்சி வகுப்பு முடிந்த சில நாட்களில், உங்களில் ஒரு அதிகாரி என் வீடு தேடி வந்தார். எல்லையில் மறுபடி நிலைமை சரியில்லை, இந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது போல் தெரிகிறது, திரையில் ஒன்றும் பிடிபடவில்லை, உங்கள் பழைய ஆளை எனக்கு அறிமுகம் செய்து வையுங்கள் சார் என்றார். கெட்டிக்காரப் பெண். பழைய கதை ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை, கோப்பில் அதெல்லாம் இருக்காது. என்னால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பழக்கதோஷம், நான் முதலில் பேசிப் பார்க்கிறேன் என்று போனேன்.

பகலில், எல்லோரும் பார்க்கப் போனேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. குருக்கள் இளைத்திருந்தார். கோவிலில் வேறு யாரும் இல்லை. சுற்றி வளைக்காமல் வந்த காரியத்தைச் சொன்னேன்.

நிதானமாகக் கேட்டார். கோபப்படவில்லை. பழைய உற்சாகம் கண்ணில் ஒரு கணம் வந்ததைப் பார்த்தேன்.

"போன பௌர்ணமிக்கு ரெண்டு பேரு வந்தாங்க சார். வெளியூரு. நல்லா கும்புட்டாங்க. அதுல ஒருத்தன் என்கிட்ட ஒண்ணு கேட்டான். சாமி கும்புட வந்தவன் கேக்கற கேள்வியே இல்ல அது. எனக்கு ஒடனே வெளங்கிடுச்சு, இவன் ஆளு வேறன்னு."

"என்ன கேட்டான் சாமி?"

என் கையை நீட்டச் சொல்லி விபூதி போட்டார்.

"நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார். வெகு நேரம் நின்றேன். திரை விலகவில்லை.

உங்கள் அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். கோவிலுக்கு எதிரே கம்பத்தில் கேமரா இருக்கிறது சார், எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பார்த்தோம். தெளிவான படம். அன்று அந்த வழியாக மலை சுற்றிய ஜனங்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். எந்த இரண்டு பேர் என்று தெரியவில்லை. அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது.